மடகாஸ்கர் நெல்லும் டெல்டா வயலும்: கட்டுரை திருத்த வந்தவர்களுக்கு

வேளாண் கல்லூரியில் முதன்முறையாகக் கட்டுரைத் தாள்களை மதிப்பிட உட்காரும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் தாள்களில் ஒரு வகை ஆண்டு தவறாமல் வரும். வேறொரு நாட்டில் ஒரு முறை வெற்றி பெற்றது, ஆகவே காவிரி டெல்டாவிலும் அதைச் செய்ய வேண்டும் என்று முடிப்பார்கள். நடை நன்றாக இருக்கும், புள்ளிவிவரம் இருக்கும், விவசாயி மேல் அக்கறையும் இருக்கும். அந்த நாட்டு வயலும் இந்த வயலும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்ற பகுதிதான் இருக்காது. நேராக 'ஆகவே' என்று தாண்டிவிடுவார்கள்.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு தாளை வைத்துப் பேசுவோம். இது பல தாள்களில் பார்த்ததைச் சேர்த்து நானே அமைத்த மாதிரித் தாள். அதன் சாரம்: 'மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983இல் ஒரு நெல் சாகுபடி முறையைக் கண்டறிந்தார். பதினைந்து நாள் இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, அகல இடைவெளியில் நட்டு, தண்ணீரைத் தேக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினார். ஹெக்டேருக்கு 2 டன் விளைந்த இடத்தில் 8 டன் விளைந்தது. தண்ணீரும் பாதி மிச்சம். மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் தவிக்கும் டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி மூன்றிலும் இதைக் கட்டாயமாக்கினால் விளைச்சல் நான்கு மடங்காகும்.'

1. முதலில் தாளின் கோரிக்கையை உள்ளூர் அளவுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஹெக்டேருக்கு 2 டன் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 800 கிலோ, அதாவது 60 கிலோ மூட்டையில் பதின்மூன்று. ஹெக்டேருக்கு 8 டன் என்றால் ஐம்பத்து மூன்று மூட்டை. மடகாஸ்கரில் பதின்மூன்று மூட்டை ஐம்பத்து மூன்றானது பெரிய சாதனைதான். ரானோமஃபானா காட்டோரத்துச் சிறு விவசாயிகள் 1990களின் பின்பாதியில் இந்த அளவை எட்டியதாகப் பதிவு உண்டு. ஆனால் நம் ஊரில் சுமாராக விளையும் வயலே ஏக்கருக்கு முப்பது மூட்டை தரும். அதை நான்கு மடங்காக்கினால் நூற்றிருபது மூட்டை வரும். கும்பகோணம் சந்தையில் யாரிடமாவது இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று பிள்ளை ஒரு கணம் நினைத்திருந்தால், அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டான்.

இந்தக் கணக்குக்கு இரண்டு நிமிடம் போதும். தாளின் ஓரத்தில் அதைப் போட்டு வையுங்கள். மடங்கில் சொல்லும் எந்த வெற்றியையும் மூட்டையில் சொல்ல வைத்தால், வாதத்தின் பாதிப் பலவீனம் அங்கேயே தெரிந்துவிடும்.

2. கூடியது எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்.

இதுதான் இந்தத் தாளின் நடுநரம்பு, இங்கே அவசரப்படாதீர்கள். மடகாஸ்கரின் 2 டன் எப்படி வந்தது? முதிர்ந்துபோன நாற்றைக் கொத்தாக, வரிசை பிடிக்காமல் நட்டு, உரம் ஏதும் பெரிதாக இடாமல், வலுவற்ற மண்ணில் வந்த விளைச்சல் அது. அந்த நிலையில் நாற்றின் வயதைக் குறைத்தாலும் கூடும், களையை நேரத்தில் எடுத்தாலும் கூடும், தொழு உரம் போட்டாலும் கூடும். மூன்றையும் சேர்த்துச் செய்தால் பல மடங்கு கூடியதில் வியப்பில்லை.

டெல்டாவின் தொடக்கப் புள்ளி வேறு. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. அங்கிருந்து வந்த ஏ.டி.டி. ரகங்கள் நூறாண்டு வேலையின் பலன். மாதத்துக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் நாற்று பறிக்கும் பழக்கம் நம் விவசாயிக்கு உண்டு. உரமும் இடுகிறார், துத்தநாக சல்பேட்டும் போடுகிறார். மடகாஸ்கர் முறை ஈடுகட்டிய குறைகளில் பல இங்கே முன்பே சரிசெய்யப்பட்டவை. சரிசெய்த குறையை இன்னொரு முறை சரிசெய்து விளைச்சல் எடுக்க முடியாது.

உலக அளவிலும் சண்டை இதைச் சுற்றித்தான் நடந்தது. 2006இல் மூன்று ஆய்வாளர்கள் பல நாட்டுச் சோதனைகளை ஒன்றாகத் திரட்டி, இந்த முறையை அந்தந்த நாட்டின் பரிந்துரைக்கப்பட்ட சிறந்த சாகுபடியோடு ஒப்பிட்டார்கள். மடகாஸ்கரை விட்டு வெளியே வந்தால் கூடுதல் விளைச்சல் தெரியவில்லை என்றார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் போன்ற ஆதரவாளர்கள், அந்தச் சோதனைகள் பலவற்றில் முறையை முழுதாகப் பின்பற்றவே இல்லை என்று மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்று மாணவன் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பிடும் அடிநிலை விவசாயியின் வழக்கமான சாகுபடியா, சிறந்த சாகுபடியா என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதை அவன் தெரிந்து எழுதியிருக்க வேண்டும். தாளில் அந்தத் தடயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. இந்த முறை இங்கே ஏற்கெனவே வந்து போயிருக்கிறதா என்று தேடியிருக்கிறானா?

மாதிரித் தாளில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்த இடம். டெல்டா இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது போல எழுதியிருக்கிறான். உண்மையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே சோதனையைத் தொடங்கிவிட்டது. 2003-04இல் தாமிரபரணிப் பாசனத்திலும் காவிரி டெல்டாவிலும் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே, பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். தாமிரபரணியில் கிடைத்த சராசரி, வழக்கமான முறையில் ஹெக்டேருக்குச் சுமார் 5.7 டன், புதிய முறையில் சுமார் 7.2 டன். நம் மூட்டைக் கணக்கில் முப்பத்தெட்டு நாற்பத்தெட்டானது. மடகாஸ்கரில் ஏக்கருக்கு நாற்பது மூட்டை கூடியது, நம் மாநிலத்து ஆற்றுப் பாசனத்தில் பத்து மூட்டை. பத்து மூட்டை சிறிய விஷயமில்லை, அதற்காகப் பாடுபடலாம். ஆனால் நான்கு மடங்கு என்ற பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அதன்பின் 'செம்மை நெல் சாகுபடி' என்ற பெயரில் அது மாநிலம் முழுக்கப் பரப்பப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவையொட்டி 2010இல் அரசு அதற்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் சூட்டியது. அதற்கும் நூறாண்டுக்கு முன்பே, 1910களில், ஒற்றை நாற்று நடவைச் சென்னை மாகாண வேளாண் துறை இந்தப் பகுதி விவசாயிகளிடம் பரப்பிய வரலாறும் உண்டு. இவ்வளவும் உள்ளூரில் இருக்க, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவிலிருந்து ஆதாரம் கொண்டுவந்தவன் அருகில் இருந்த ஆதாரத்தைப் பார்க்கவில்லை. வெளிநாட்டு உதாரணம் எழுதும் ஒவ்வொரு தாளிலும் 'இங்கே முன்பு நடந்தது' என்று ஒரு பத்தியாவது எதிர்பாருங்கள். இல்லையென்றால் மதிப்பெண்ணைத் தாராளமாகக் குறைக்கலாம்.

4. அந்த ஊரில் வேலை செய்தது எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

'மடகாஸ்கரும் வெப்பமண்டலம், இந்தியாவும் வெப்பமண்டலம், இரண்டு நாட்டிலும் அரிசிதான் சோறு' என்று மாதிரித் தாள் ஒற்றுமை காட்டுகிறது. நாடு நாட்டைப் போல இருப்பதால் ஒரு பயனும் இல்லை. முறை எந்தக் காரணத்தால் பலன் தந்ததோ, அந்தக் காரணம் இந்த வயலில் உண்டா என்பதே கேள்வி.

மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கர் மேட்டுநிலத்தின் பெரும்பகுதி இரும்புச்சத்து மிகுந்த, அமிலத்தன்மையுள்ள செம்மண். அப்படிப்பட்ட மண்ணில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால், காற்றில்லாமல் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறிப் பயிருக்கு நஞ்சாகும். குத்தைப் பிடுங்கி வாய்க்கால் நீரில் அலசினால் வேர் முழுக்கத் துருப் படிந்தது போல இருக்கும், கீழ் இலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் இறங்கும். வயலை இடையில் காயவிட்டால் காற்று புகுந்து இரும்பு மீண்டும் படிந்துவிடும், வெள்ளையாகப் புது வேர் விடும். அதாவது அங்கே காயவிடுவதே ஒரு மருந்து. ஆக்கிம் டோபர்மன் என்ற மண்வள அறிஞர் 2004இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். நஞ்சு இருந்த மண்ணில் கிடைத்த பலனை நஞ்சு இல்லாத மண்ணில் எதிர்பார்க்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

பழைய டெல்டாவின் களிமண் வண்டல் பெரும்பாலும் நடுநிலை, அல்லது லேசான களர்த்தன்மை கொண்டது. அங்கே இரும்பு நஞ்சு பெரிய சிக்கல் இல்லை, துத்தநாகக் குறைதான் சிக்கல். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போனால் கதையே தலைகீழ். அடியில் உப்பு இருக்கிறது. மேலே நிற்கும் தண்ணீர்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. அந்த வயலை வெடிப்பு விடும்வரை காயவிட்டால் ஈரம் ஏற ஏற உப்பும் மேலே ஏறி, இளநாற்றின் நுனி கருகத் தொடங்கும். மடகாஸ்கரில் மருந்தான செயல் இங்கே நோயாகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் கவனியுங்கள். வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில் செம்மண்ணும் செம்புறை மண்ணும் உண்டு. மடகாஸ்கர் வாதம் மண்ணளவில் ஓரளவு பொருந்தக்கூடிய இடம் அதுதான். மாணவன் 'டெல்டா' என்று ஒரே சொல்லில் எழுதியதால், தன் வாதத்துக்குச் சாதகமான நிலத்தையும் சேர்த்தே இழந்துவிட்டான். பொருத்தம் பார்ப்பது உதாரணத்தைத் தோற்கடிப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அது எங்கே நிற்கும் என்பதையும் அந்தத் தேடல்தான் காட்டும்.

5. தண்ணீர் பற்றிய பத்தியைப் படிக்கும்போது, மடை யார் கையில் என்று கேளுங்கள்.

இந்த முறையில் தண்ணீர் பாய்ச்சும் விதி எளிது. வயலில் மயிரிழை வெடிப்பு கண்டதும் இரண்டரை சென்டிமீட்டர் பாய்ச்ச வேண்டும், அது வற்றி மறுபடி வெடிப்பு கண்டதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். விதியைச் சொல்லிவிடலாம். அதைப் பின்பற்ற, வேண்டிய அன்று தண்ணீர் வர வேண்டும், வேண்டாத அன்று வெளியே போகவும் வேண்டும். மலையடிவாரத்தில் தன் ஓடையிலிருந்து சிறு வயலுக்குப் பாய்ச்சுகிறவருக்கு இரண்டும் முடியலாம்.

மேட்டூர் அணையின் கதை அனைவருக்கும் தெரியும். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எந்த ஆண்டும் ஜூன் 12இல் திறக்க முடியவில்லை. திறந்தாலும் கல்லணை வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால், கிளை வாய்க்கால் கடந்து கடைமடை வயலுக்கு வருவதற்குள் பல நாள் ஓடிவிடும். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். பல இடங்களில் வயலிலிருந்து வயலுக்குத்தான் பாயும். மேல் வயல்காரர் வரப்பை வெட்டினால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர்.

இப்போது அந்த விதியை ஒரு கடைமடை வயலில் வைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை வெடிப்பு கண்டது, முறைத் தண்ணீர் வெள்ளிக்கிழமைதான். களிமண்ணில் மயிரிழை வெடிப்பு நான்கு நாளில் விரல் போகும் வெடிப்பாகிவிடும். வெள்ளிக்கிழமை வரும் தண்ணீர் முதலில் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கும், வயல் நனைய இரண்டு மடங்கு வேண்டும். சேமிப்பு எங்கே போனது? அடுத்த முறை எப்போது என்று தெரியாத விவசாயி, கிடைக்கும்போது வரப்பு முட்டக் கட்டி வைக்கிறார். அவர் நிலையில் அதுவே புத்திசாலித்தனம். 'விழிப்புணர்வு இல்லாததால் விவசாயிகள் தண்ணீரை வீணாக்குகிறார்கள்' என்று தாளில் வந்தால் அடிக்கோடிடுங்கள். விழிப்புணர்வு தாராளமாக இருக்கிறது, நிச்சயம்தான் இல்லை.

களையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வயலில் நிற்கும் தண்ணீர் பாதிக் களையை முளைக்க விடாது. தண்ணீரை இறக்கினால் களை கிளம்பும். அதற்காகத்தான் இந்த முறையில் நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கொரு தரம் கோனோவீடர் ஓட்டச் சொல்கிறார்கள். கோனோவீடர் உருள மெல்லிய நீர் வேண்டும். ஓட்ட வேண்டிய நாளில் வாய்க்கால் காய்ந்திருந்தால், களிமண்ணில் அது நகராது. தண்ணீரும் களையும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், முறையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் பழைய முறையைவிடக் குறைவாகக்கூட விளையலாம். மாணவன் இந்தப் பிணைப்பைத் தொட்டிருந்தால், முடிவு தவறாக இருந்தாலும் நல்ல மதிப்பெண் கொடுங்கள்.

எங்கே பொருந்தும் என்பதும் இதிலிருந்தே வரும். ஃபில்டர் பாயிண்ட் போட்டு மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு மடை அவர் கையிலேயே இருக்கிறது. குறுவையில், சமன் செய்த வயலில், அவரால் இந்த விதியைச் செய்துகாட்ட முடியும். ஆனால் இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டார்காரருக்குத் தண்ணீரைச் சேமிப்பதால் கையில் வரும் காசு ஒன்றுமில்லை. சேமிக்க முடிந்தவருக்கு ஆதாயம் இல்லை, ஆதாயம் தேவைப்படும் கடைமடைக்காரரால் சேமிக்க முடியவில்லை. டெல்டாவுக்கே உரிய இந்த முடிச்சை எந்த வெளிநாட்டு உதாரணமும் காட்டித் தராது. மாணவன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

6. பருவத்தை மறக்க விடாதீர்கள்.

'மூன்று பருவத்திலும்' என்று எழுதியதுமே சிவப்பு மையை எடுக்கலாம். குறுவை நடுவது ஜூன், ஜூலையில். தாளடி நடும்போது அக்டோபர் பாதி தாண்டிவிடும், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். பதினைந்து நாள் நாற்று ஒரு சாண் உயரம்கூட இருக்காது. முப்பது நாள் நாற்று அதைவிட உயரமாக, தண்டு தடித்து நிற்கும். வடிகால் அடைபட்ட வயலில் ஒரே இரவில் பதினைந்து சென்டிமீட்டர் மழை கொட்டினால் முதலாவது மூழ்கும், இரண்டாவதன் தலை வெளியே தெரியும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மழைக்கு எந்த நாற்றும் தப்பாது என்பது சரிதான். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வரும் சாதாரண ஐப்பசி மழையே இளநாற்றுக்குப் போதும். கீழ்ப் பகுதிகளில் முதிர்ந்த நாற்றைப் பெரியவர்கள் தேடி நட்டதற்கு இதுவே காரணம்.

அதோடு, நவம்பரில் தண்ணீரைச் சேமி என்றால் யாருக்காக? அப்போது விவசாயியின் கவலை தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்பதுதான். வறட்சிக்குத் தீர்வாகச் சொன்ன ஒன்றை வெள்ளப் பருவத்துக்கும் நீட்டியிருக்கிறான். பருவவாரியாக ஒரு சிறு அட்டவணை போட்டிருந்தால் அவனே திருத்திக்கொண்டிருப்பான்.

7. உதாரணம் பிறந்த ஊரில் பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள்.

வெற்றிக் கதையை எடுத்து எழுதுகிறவர்கள் முதல் சில ஆண்டுகளோடு நிறுத்திவிடுவார்கள். மடகாஸ்கரிலேயே இந்த முறையை ஏற்றவர்களில் பலர் பின்னர் கைவிட்டார்கள். கிறிஸ்டின் மோசர், கிறிஸ்டோபர் பாரெட் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அதன் காரணத்தைச் சொல்கிறது. நடவுக்கும் களைக்கும் கூடுதல் வேலை தேவைப்பட்ட அதே வாரங்களில், ஏழைக் குடும்பங்கள் அன்றாடச் சோற்றுக்காகப் பிறர் வயலில் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. விளைச்சல் கூடும் என்று தெரிந்தும் அவர்களால் முடியவில்லை.

இது நமக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. டெல்டாவில் நடவைப் பெரும்பாலும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஏக்கருக்கோ மாவுக்கோ இவ்வளவு என்று பேசி முடிக்கிறார்கள். கயிறு பிடித்து, மார்க்கர் ஓட்டி, குறுக்கும் நெடுக்கும் வரிசை பார்த்து ஒற்றை நாற்றை வைக்கச் சொன்னால் அவர்களுடைய ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகும். கூலியும் அதற்கேற்ப வேண்டும், அவர்கள் கேட்பது நியாயமும்கூட. மேட்டூர் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நட வருவதால் ஆள் கிடைப்பதும் கடினம். கையால் களை பறித்த பெண்களின் இடத்தில் கோனோவீடர் தள்ளும் ஆண்கள் வந்தார்கள் என்பதும் சேர்ந்து யோசிக்க வேண்டியது. வேலை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கேட்காத கட்டுரை அரைக் கட்டுரை.

பின்னர் என்ன நடந்தது என்பதை வயலில் பார்க்கலாம். பாய் நாற்றங்காலும் இளநாற்றும் வரிசை நடவும் டெல்டாவில் தங்கின, ஆனால் நடவு இயந்திரத்தின் வழியாக. இயந்திரம் குத்துக்கு ஒன்றாக வைப்பதில்லை, இரண்டு மூன்று நாற்று வைக்கும். ஆள் பற்றாக்குறை என்ற உள்ளூர்க் காரணம் அந்த முறையைப் பிரித்து, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. வெண்ணாற்றுக் கடைமடையில் பலர் நாற்றே விடாமல் நேரடி விதைப்புக்குப் போனார்கள். முழுசாக ஏற்றார்களா, முழுசாக மறுத்தார்களா என்ற இரண்டே கட்டத்தில் பார்க்கும் மாணவனுக்கு இது கண்ணில் படாது.

8. 'வெளிநாட்டுச் சரக்கு, இங்கே எடுபடாது' என்று எழுதும் தாளுக்கும் அதே அளவுகோல்.

அப்படியும் தாள் வரும். தேசப்பற்றோ பாரம்பரியமோ ஆதாரமாகாது. அந்த மாணவனும் மண், மடை, பருவம், ஆள் என்று எங்கே பொருந்தவில்லை என்பதைக் காட்ட வேண்டும்.

9. மதிப்பெண்ணையும் குறிப்பையும் தனித்தனியாக யோசியுங்கள்.

மாதிரித் தாளில் மடகாஸ்கர் பகுதியை மாணவன் சரியாகவே எழுதியிருக்கிறான். பெயர், ஆண்டு, நாற்றின் வயது, பாய்ச்சும் முறை எல்லாம் சரி. அதற்குரிய மதிப்பெண்ணை முழுதாகக் கொடுங்கள். தாவிய இடத்துக்குத்தான் குறைக்க வேண்டும். நான் திருத்தினால் நூற்றுக்கு நாற்பதை ஒட்டி நிற்பேன். முடிவு தவறு என்பதற்காக அல்ல, முடிவுக்கு வந்த வழி தாளில் இல்லை என்பதற்காக. சரியான முடிவுக்கு இதே வழியில் வந்திருந்தாலும் அதே நாற்பதுதான்.

'உள்ளூர்ச் சூழலைக் கருத்தில் கொள்ளவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைப் படித்த பிள்ளை அடுத்த தாளில் 'உள்ளூர்ச் சூழலைக் கருத்தில் கொண்டு' என்று ஒரு வாக்கியம் சேர்ப்பான், வேறொன்றும் மாறாது. எந்த வாக்கியத்தில் தாவினான் என்று காட்டி, அங்கே வரவேண்டிய கேள்வியை எழுதுங்கள். உதாரணமாக: 'தண்ணீர் பாதி மிச்சம் என்கிறாய். திருத்துறைப்பூண்டிக் கடைமடையில் முறைத் தண்ணீர் வருகிறவர் வெடிப்பு கண்ட நாளில் எப்படிப் பாய்ச்சுவார்?' அல்லது: '2 டன், 8 டன் என்கிறாய். உன் ஊரில் இப்போது எத்தனை மூட்டை? அதில் எத்தனை கூடும் என்கிறாய், எதனால்?' இப்படி இரண்டு மூன்று கேள்வி போதும். பத்து எழுதினால் எதையும் செய்ய மாட்டான்.

10. திருப்பி எழுத வாய்ப்புக் கொடுத்தால், கோரிக்கையைச் சுருக்கச் சொல்லுங்கள்.

இதே தாள் இப்படி முடிந்திருக்கலாம்: 'பழைய டெல்டாவின் உப்பில்லாத வண்டல் நிலத்தில், ஃபில்டர் பாயிண்ட் வசதியும் வடிகாலும் உள்ள வயல்களில், குறுவைப் பருவத்தில், நடவுக்கும் களைக்கும் ஆள் உறுதியாகக் கிடைத்தால், ஏக்கருக்குப் பத்து மூட்டை வாக்கில் கூடுதல் எதிர்பார்க்கலாம். தாளடிக்கும் கடலோர உப்பு நிலத்துக்கும் இது பொருந்தாது. புது டெல்டாவின் செம்மண்ணில் தனியாகச் சோதிக்க வேண்டும்.' மடகாஸ்கர் இன்னும் அதில் ஆதாரமாகவே இருக்கிறது. இந்த நான்கு வரியில் ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரு விவசாயி தன் வயலில் நின்று உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

திருத்திய தாளைத் தருவதற்கு முன் மாணவன் ஒரு வயலுக்காவது போய்வர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். நடவு நாளில் போக வேண்டாம், அன்று எந்த முறையும் அழகாகத்தான் தெரியும். நட்ட இருபதாம் நாள், இரண்டாவது களையெடுப்பின்போது போகட்டும். வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அது எப்போது வந்தது, யார் திறந்தார்கள், கோனோவீடர் யார் கையில், அவருக்கு அன்றைய கூலி எவ்வளவு என்று ஐந்து விவரத்தைக் குறித்துக்கொண்டு வரட்டும். அவற்றைத் தாளின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். மடகாஸ்கர் இரண்டாம் பத்தியில் வந்தால் போதும்.